தெரியாத கேள்விக்கும் மதிப்பெண் உண்டு

ஐஇஎல்டிஎஸ் தேர்வில் பேச்சுப் பகுதி மொத்தமே 11 முதல் 14 நிமிடம். ஒரு மேசை, எதிரே ஒரு எக்ஸாமினர், ஒலிப்பதிவுக் கருவி. சில மையங்களில் எக்ஸாமினர் நேரில் இருக்க மாட்டார், திரையில் இருந்தபடி பேசுவார். கேள்விகளும் நேரக்கணக்கும் மதிப்பெண் முறையும் இரண்டிலும் ஒன்றுதான். பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்ய இந்தத் தேர்வு வழியாகப் போகிறவர் பேச்சில் 7 பேண்ட் வாங்க வேண்டும். பல ஆண்டு வார்டு அனுபவம் உள்ள ஒருவரின் விண்ணப்பம், இந்தப் பதினான்கு நிமிடத்தில் அரை பேண்ட் குறைந்ததால் மாதக்கணக்கில் தள்ளிப்போவது உண்டு.

இந்தத் தேர்வுக்குப் பேசப் பழக்குகிற வேலையில் இருக்கும் எனக்கு, மாணவர்களிடமிருந்து அதிகம் வருகிற கேள்வி இலக்கணம் பற்றியதல்ல, உச்சரிப்பு பற்றியதும் அல்ல. “எனக்குத் தெரியாத விஷயத்தைப் பற்றிக் கேட்டுவிட்டால் என்ன செய்வது?” என்பதுதான் அது. ஓவியம், விண்வெளி, ஃபேஷன், நகரத் திட்டமிடல் என்று எதைப் பற்றியும் கேட்கலாம். அந்தப் பயத்தில்தான் பலர் நூற்றுக்கணக்கான கேள்விகளுக்கு விடை எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். உண்மையில் தெரியாத கேள்வியை எதிர்கொள்வது தனியாகப் பழகிக்கொள்ளக்கூடிய ஒரு திறமை. மதிப்பெண் எதற்குத் தருகிறார்கள் என்று புரிந்துகொண்டால் அதன் பாதி வேலை முடிந்துவிடும்.

எதற்கு மதிப்பெண்?

எக்ஸாமினர் நான்கு விஷயங்களை அளக்கிறார். தடையில்லாமல், கோவையாகப் பேசுகிறீர்களா என்பது ஒன்று. உங்கள் சொல்வளம் இரண்டாவது. வாக்கியங்களில் எவ்வளவு வகை இருக்கிறது, எவ்வளவு பிழையில்லாமல் வருகிறது என்பது மூன்றாவது. உச்சரிப்பு நான்காவது. நான்குக்கும் சம எடை. இரண்டில் 7, இரண்டில் 6 வாங்கினால் மொத்தம் 6.5 வரும்.

இந்த நான்கில் எதுவும் உங்கள் பொது அறிவை அளப்பதில்லை. நீங்கள் சொன்னது உண்மையா, கருத்து சரியா, தகவல் துல்லியமா என்று பார்ப்பதற்கென்று ஒரு கட்டமே மதிப்பெண் தாளில் கிடையாது. எழுத்துத் தேர்வில் நிலைமை வேறு. அங்கே கேள்விக்கு முழுமையாகப் பதில் எழுதினீர்களா என்பதற்கே தனி மதிப்பெண் உண்டு. பேச்சில் அப்படி இல்லை. அதற்காகக் கேட்டது ஒன்று, சொல்வது ஒன்று என்று பேசிவிட முடியாது. சம்பந்தமில்லாத பேச்சு கோவையாக இருக்காது, அது முதல் விஷயத்திலேயே இடிக்கும். ஆனால் “இது எனக்கு அதிகம் தெரியாது” என்று சொல்லிவிட்டு, தெரிந்ததை அதோடு பொருத்திப் பேசினால் எந்த மதிப்பெண்ணும் குறையாது.

தயக்கம் பற்றியும் மதிப்பெண் விளக்கத்தில் ஒரு நுட்பமான வேறுபாடு இருக்கிறது. என்ன சொல்லலாம் என்று யோசிக்க நிற்பது ஒருவகை. சொல் கிடைக்காமல், வாக்கியத்தை எப்படி அமைப்பது என்று தெரியாமல் நிற்பது இன்னொரு வகை. முதல் வகைத் தயக்கம் 9 பேண்ட் வாங்குகிறவரிடமும் இருக்கலாம் என்று அந்த விளக்கம் ஏற்றுக்கொள்கிறது. பேண்டைக் கீழே இழுப்பது இரண்டாவது வகை. ஆகவே யோசிக்க ஒரு கணம் நிற்பதில் தவறே இல்லை. நின்றுவிட்டு “நோ ஐடியா” என்று முடித்துக்கொள்வதில்தான் தவறு. அப்போது எக்ஸாமினரிடம் மதிப்பெண் போடுவதற்கு எதுவுமே இருக்காது. நான்கு விஷயங்களையும் நீங்கள் வாய் திறந்தால்தான் அவரால் அளக்க முடியும்.

கடிகாரம் சொல்லும் அளவு

தேர்வுக்கு மூன்று பகுதிகள். முதல் பகுதி 4 முதல் 5 நிமிடம். அடையாள அட்டையைப் பார்த்ததும் எக்ஸாமினர் உங்கள் வேலை, படிப்பு, வீடு பற்றிக் கேட்பார். பிறகு தொப்பி, முகம் பார்க்கும் கண்ணாடி, நடைப்பயிற்சி என்று அன்றாட விஷயங்களுக்குப் போவார். ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு கேள்விகள் வரும். கேள்வியைக் கேட்கும் நேரத்தைக் கழித்தால் ஒரு பதிலுக்கு இருபது நொடிக்குள்தான் கிடைக்கும். இரண்டு மூன்று வாக்கியம் போதும் என்று கடிகாரமே சொல்லிவிடுகிறது. “தொப்பி போடுவீர்களா?” என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் “இல்லை” என்றால் குறைவு. தொப்பியின் வரலாற்றையே சொல்லத் தொடங்கினால் அதிகம். “வழக்கமாகப் போடுவதில்லை. ஆனால் வெயில் காலத்தில் பைக்கில் போகும்போது ஹெல்மெட்டுக்குள் வேர்க்கும் என்று துணித் தொப்பி ஒன்று வைத்திருக்கிறேன்.” இந்த அளவு சரி. நீளமாகப் போனால் எக்ஸாமினர் நடுவிலேயே அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். அது கோபம் அல்ல, அவருக்கும் நேரக்கட்டு உண்டு.

இரண்டாம் பகுதியில் ஒரு க்யூ கார்டு கையில் வரும். கூடவே பென்சிலும் தாளும் தருவார்கள். ஒரு நிமிடம் யோசித்துக் குறிப்பெடுக்கலாம். பிறகு ஒன்று முதல் இரண்டு நிமிடம் தனியாகப் பேச வேண்டும். இரண்டு நிமிடம் ஆனதும் எக்ஸாமினர் நிறுத்தச் சொல்வார். வாக்கியத்தின் பாதியில் நிறுத்தப்பட்டாலும் மதிப்பெண் குறையாது. பலர் பேச்சை அழகாக முடித்து வைக்க வேண்டும் என்று நினைத்து ஒன்றேகால் நிமிடத்திலேயே “தட்ஸ் ஆல்” சொல்லிவிடுகிறார்கள். முடிவுரை யாரும் கேட்கவில்லை. நிறுத்தச் சொல்லும் வரை பேசிக்கொண்டே இருப்பதுதான் இந்தப் பகுதியின் ஒரே நேர விதி.

மூன்றாம் பகுதி மறுபடி 4 முதல் 5 நிமிடம். கார்டில் வந்த தலைப்பை ஒட்டிச் சமூகம், அரசு, தொழில்நுட்பம் என்று பொதுவான கேள்விகளுக்கு எக்ஸாமினர் போவார். கேள்விகள் குறைவு, பதில்கள் நீளம். ஒரு பதிலுக்கு முப்பது நாற்பது நொடி எடுத்துக்கொள்ளலாம். தெரியாத கேள்வி பெரும்பாலும் இங்கேதான் வரும்.

ஒரு கார்டு, ஒரு நிமிடம்

திருநெல்வேலிப் பக்கத்துச் செவிலியர் ஒருவருக்கு இப்படி ஒரு கார்டு வருவதாக வைத்துக்கொள்வோம். “நீங்கள் பார்த்த ஒரு ஓவியம் அல்லது சிற்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள். அது என்ன, எங்கே பார்த்தீர்கள், பார்க்க எப்படி இருக்கும் என்று சொல்லி, அது ஏன் உங்கள் நினைவில் நிற்கிறது என்று விளக்குங்கள்.” அவர் ஓவியக் கண்காட்சி எதற்கும் போனதில்லை. கார்டை மாற்றித் தரவும் மாட்டார்கள்.

ஒரு நிமிடத்தில் முதல் பத்து நொடி, எதைப் பேசுவது என்று முடிவெடுக்க. இங்கே பலர் செய்யும் பிழை, ‘சிறந்த’ விடையைத் தேடுவது. மோனாலிசாவைப் பற்றிப் பேசினால் மதிப்பாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் அவர் அதை நேரில் பார்த்ததில்லை, சொல்வதற்கு இரண்டு வாக்கியத்துக்கு மேல் இருக்காது. சொல்வதற்கு நிறைய இருக்கும் பொருள்தான் நல்ல பொருள். பள்ளிச் சுற்றுலாவில் பார்த்த கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலை போதும், அதுவும் சிற்பம்தான். உள்ளூர்க் கோயில் தேரில் இருக்கும் மரச் சிற்பமோ, அரசு மருத்துவமனைச் சுவரில் வரைந்த படமோகூடப் போதும்.

மிச்சமிருக்கும் ஐம்பது நொடியில் குறிப்பு எழுத வேண்டும். முழு வாக்கியம் எழுதினால் இரண்டு வாக்கியத்தில் நேரம் தீர்ந்துவிடும். பிறகு அதைப் பார்த்து வாசிக்கத்தான் தோன்றும், வாசிக்கும் குரல் உடனே தெரிந்துவிடும். ஒற்றைச் சொற்கள் போதும். அவர் தாளில் இப்படி இருக்கலாம்: படகு, வரிசை, காற்று, கழுத்து வலி, 133, மூன்று விரல், அத்தை, இப்போது ரயில், மகள். இந்த ஒன்பது சொல்லும் ஒன்பது சின்னச் செய்திகள். ஒவ்வொன்றுக்கும் பதிமூன்று நொடி என்று வைத்தாலே இரண்டு நிமிடம் வந்துவிடுகிறது.

இந்தச் சொற்கள் உட்கார்ந்திருக்கும் வரிசையைக் கவனியுங்கள். முதல் மூன்றும் அந்த நாள்: படகுக்கு வரிசையில் நின்றது, பாறையில் இறங்கியதும் அடித்த காற்று. அடுத்த மூன்றும் சிலை: அண்ணாந்து பார்த்ததில் வந்த கழுத்து வலி, 133 அதிகாரங்களை நினைவூட்டும் 133 அடி உயரம், தூக்கிய கையில் மூன்று விரல். உயரம் நினைவில்லாவிட்டால் “இருபத்தைந்து ஆள் ஒருவர்மேல் ஒருவர் நின்றால் எவ்வளவோ அவ்வளவு” என்று சொன்னாலும் மதிப்பெண் அதேதான். கடைசி மூன்றும் காரணம்: குறளை வீட்டில் தினமும் சொல்லிக்கொடுத்த அத்தை, இப்போதும் ரயிலில் கன்னியாகுமரி போகும்போது முதலில் தேடுவது அந்தச் சிலையை, மகளைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் போக நினைப்பது.

இந்த அமைப்பு கதைக்காக மட்டும் அல்ல. அன்று நடந்தது இறந்தகாலம். சிலை எப்படி இருக்கிறது என்பதும் இப்போது தேடுவதும் நிகழ்காலம். மகளோடு போக நினைப்பது எதிர்காலம். அன்று பலகையில் எழுதியிருந்ததை நிதானமாகப் படித்திருந்தால் இன்று இன்னும் சொல்லியிருப்பேன் என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் நிபந்தனை வாக்கியமும் வந்துவிடுகிறது. மூன்றாவது மதிப்பெண் விஷயமான வாக்கிய வகை, இப்படி இயல்பாகவே பேச்சுக்குள் வந்து உட்காரும். நேரம் மிஞ்சினால் என்ன செய்வது என்பதற்கும் இதுதான் வழி. அன்று, இன்று, இனி என்று காலத்தை மாற்றினாலே பேச இன்னும் அரை நிமிடம் கிடைத்துவிடும்.

இங்கே நம்மவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. கதையை இறந்தகாலத்தில் தொடங்கி, சுவாரசியம் ஏற ஏற நிகழ்காலத்துக்கு வழுக்கிவிடுவார்கள். “போனோம், ஏறினோம்” என்று தொடங்கியது “டீச்சர் சொல்றாங்க, நாங்க பார்க்கிறோம்” என்று மாறிவிடும். தமிழில் கதை சொல்லும்போது இது அழகு. இந்தத் தேர்வில் பிழையாகக் கேட்கும். பேசியதைப் பதிவுசெய்து கேட்டால் எந்த இடத்தில் வழுக்குகிறது என்று உங்களுக்கே தெரியும். பெரும்பாலும் நாற்பதாவது நொடிக்குப் பிறகு, குறிப்பிலிருந்து கண்ணை எடுத்த இடமாக இருக்கும்.

பதில் வராத நான்கு நேரங்கள்

பதில் வரவில்லை என்று நாம் ஒரே வார்த்தையில் சொன்னாலும் அதில் நான்கு விதம் இருக்கிறது. நான்குக்கும் மருந்து வேறு.

முதலாவது, கேள்வி காதில் சரியாக விழவில்லை. இதற்கு வெட்கப்பட வேண்டியதே இல்லை. மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்கலாம், அதற்கு மதிப்பெண் குறையாது. பாதி கேட்டுவிட்டு ஊகித்துப் பதில் சொல்வதுதான் ஆபத்து, பேச்சு எங்கோ போய்விடும். ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் நேரம் வாங்குவதற்காக மறுபடி கேட்பது வேண்டாம். அது சீக்கிரமே தெரிந்துவிடும்.

இரண்டாவது, கேள்வியில் ஒரு சொல் புரியவில்லை. முதல் பகுதியில் எக்ஸாமினர் எழுதிவைத்த கேள்விகளை அப்படியே கேட்கிறார். அங்கே அவரால் திரும்பச் சொல்ல முடியும், உட்கார்ந்து விளக்க முடியாது. மூன்றாம் பகுதியில் கேள்வியை வேறு சொற்களில் மாற்றிக் கேட்க அவருக்கு இடம் உண்டு. ஆகவே மூன்றாம் பகுதியில் “இந்தச் சொல்லால் நீங்கள் இதைத்தான் கேட்கிறீர்களா?” என்று உங்கள் புரிதலை முன்வைத்தே கேட்கலாம். “புரியவில்லை” என்று மட்டும் சொல்வதைவிட இது நல்லது, ஏனென்றால் இதுவே ஒரு முழு வாக்கியம், அதுவும் காதில் விழுகிறது.

மூன்றாவது, பாதி பதிலில் சொல் அகப்படவில்லை. நம் செவிலியர் சிலையின் பீடத்தைப் பற்றிச் சொல்ல வருகிறார், பெடஸ்டல் என்ற சொல் வரவில்லை. “ம்... அது... வாட் டு சே...” என்று தேடினால், அதுதான் மேலே சொன்ன இரண்டாம் வகைத் தயக்கம். “சிலை நிற்கிறதே, அதற்கு அடியில் இருக்கும் பெரிய கல் மேடை” என்று எளிய ஆங்கிலத்தில் சொல்லித் தாண்டிவிட்டால், சொல்வளத்தில் அது நல்ல பக்கமாகவே எழுதப்படும். தெரியாத சொல்லைத் தெரிந்த சொற்களால் சுற்றிச் சொல்லும் திறமையை மதிப்பெண் விளக்கமே பெயர் சொல்லிக் கேட்கிறது. இதில் ஒரே நிபந்தனை, வேகம் குறையாமல் சொல்ல வேண்டும். மன்னிப்புக் கேட்கவும் கூடாது. ஒவ்வொரு பிழைக்கும் “சாரி, சாரி” என்று நிற்பது, பிழையைவிடப் பெரிய தடையாகக் கேட்கும்.

நான்காவதுதான் எல்லோரும் பயப்படுவது. கேள்வி நன்றாகவே புரிகிறது, ஆனால் அந்த விஷயம் பற்றி எதுவும் தெரியாது. இதை விரிவாகப் பார்ப்போம்.

கேள்வியை நம் தெருவுக்குக் கொண்டுவருவது

சிலை பற்றிப் பேசி முடித்த அதே செவிலியரிடம் மூன்றாம் பகுதியில் இப்படிக் கேட்கிறார்கள்: “தொழில்நுட்பம் கலைஞர்களின் வருமானத்தை எப்படி மாற்றியிருக்கிறது என்று நினைக்கிறீர்கள்?” அவருக்கு ஓவியச் சந்தை தெரியாது. கலைஞர்கள் யாரையும் பழக்கமில்லை.

முதல் வாக்கியத்தில் உண்மையைச் சொல்லலாம்: “இதை நான் இதுவரை யோசித்துப் பார்த்ததில்லை.” இதைச் சொல்லும் மூன்று நொடியில் மனம் தேடத் தொடங்கிவிடும். தேட வேண்டியது விடையை அல்ல. கேள்வியில் இருக்கும் பெரிய சொல்லுக்குள் அடங்கக்கூடிய, நான் கண்ணால் பார்த்த ஒரே ஒரு ஆள். கலைஞர் என்றால் கண்காட்சி ஓவியர் மட்டும்தானா? கடைப் பெயர்ப்பலகை எழுதியவரும் கலைஞர்தான். கல்யாண வீட்டில் படம் எடுப்பவரும் நாதஸ்வரம் வாசிப்பவரும் கலைஞர்கள்தான்.

அந்த ஆள் கிடைத்ததும் பதில் இப்படி வரும்: “ஆனால் எங்கள் ஊரில் நடந்ததை வைத்துச் சொல்ல முடியும். நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது கடைப் பலகைகளைக் கையால் எழுதும் பெயிண்டர் ஒருவர் இருந்தார். ஃப்ளெக்ஸ் பேனர் வந்த பிறகு ஒரே இரவில் அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள், விலையும் குறைவு. அவர் வீட்டுக்கு வெள்ளையடிக்கும் வேலைக்குப் போய்விட்டார்.” இதோடு இருபது இருபத்தைந்து நொடி ஆகிவிட்டது.

இங்கே நிறுத்திவிட்டால் பாதிப் பதில்தான். மூன்றாம் பகுதி கேட்பது சொந்தக் கதையை அல்ல, பொதுவாகப் பேசும் திறமையை. சொந்த அனுபவத்திலேயே தங்கிவிடுவது இந்தப் பகுதியில் அடிக்கடி நடக்கும் சறுக்கல். ஆகவே தெருவிலிருந்து மறுபடி மேலே ஏற வேண்டும்: “ஆகவே இயந்திரம் செய்யக்கூடிய வேலையைக் கையால் செய்துவந்தவர்கள் வருமானத்தை இழந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். மறுபக்கம், தன் வேலையை இன்ஸ்டாகிராமில் போட்டு வேறு ஊரிலிருந்து ஆர்டர் வாங்குகிறவர்களும் இருக்கலாம். யாருக்கு லாபம் என்பது, அவர்களால் புதுக் கருவியைக் கற்றுக்கொள்ள முடிகிறதா என்பதைப் பொறுத்தது.”

மொத்தம் ஐம்பது நொடிக்குள் முடிகிறது. இதில் ஓவியச் சந்தை பற்றி ஒரு தகவல்கூட இல்லை. ஆனால் தெரியாது என்ற ஒப்புதல், ஒரு கண்கண்ட உதாரணம், அதிலிருந்து ஒரு பொதுக் கருத்து, அதற்கு ஒரு மறுபக்கம் என்று நான்கு படி இருக்கிறது. “இருந்தார்” என்ற இறந்தகாலம் வருகிறது. “இழந்திருப்பார்கள்”, “இருக்கலாம்” என்று உறுதியைக் குறைத்துச் சொல்லும் வடிவங்களும் வருகின்றன. தெரியாத விஷயத்தைப் பற்றிப் பேசும்போது இந்த ‘இருக்கலாம்’ வடிவங்கள் தாமாகவே தேவைப்படும். இலக்கணத்தில் மேல் பேண்டுக்குப் போகிறவர்களிடம் எக்ஸாமினர் காது கொடுத்துக் கேட்பதும் இவற்றைத்தான். தெரியாத கேள்வி ஒருவகையில் வாய்ப்பு என்று நான் சொல்வது இதனால்தான். நன்றாகத் தெரிந்த விஷயத்தை எல்லோரும் நேர் வாக்கியங்களில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

கருத்தே இல்லாத கேள்விக்கும் இதே வழிதான். “பொது இடங்களில் சிலை வைக்க அரசு பணம் செலவிடலாமா?” என்று கேட்டால், ஆமாம் என்றோ இல்லை என்றோ உறுதியான நிலைப்பாடு உங்களுக்கு இருக்க வேண்டியதில்லை. ஆதரிப்பவர் என்ன சொல்வார், எதிர்ப்பவர் என்ன சொல்வார் என்று இரண்டையும் சொல்லிவிட்டு, எந்த நிலைமையில் எது சரி என்று முடிக்கலாம். உங்கள் கருத்தோடு எக்ஸாமினர் உடன்படுகிறாரா என்பது மதிப்பெண்ணில் சேராது. அவர் முகத்தைப் பார்த்துப் பதிலை மாற்றவும் வேண்டாம். தலையாட்டாமல் இருப்பதும் தாளைப் பார்ப்பதும் அவர் வேலையின் பகுதி.

மனப்பாடம் எங்கே உடைகிறது

சில கோச்சிங் சென்டர்களில் முழு விடைகளை அச்சடித்துக் கொடுக்கிறார்கள். அதை வாங்கி ஒப்பிக்கும் மாணவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, பயத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் அது எப்படிப் பிடிபடுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். முதல் கேள்விக்குத் தட்டுத்தடுமாறிப் பேசியவர், திடீரென்று வேகமும் ஏற்ற இறக்கமும் மாறி, பத்திரிகைத் தலையங்கம் போலப் பேசத் தொடங்குவார். அடுத்த கேள்வியில் மறுபடி தடுமாறுவார். ஒப்பித்த விடைகளை அடையாளம் காண எக்ஸாமினர்களுக்குப் பயிற்சி உண்டு. ஒரு சந்தேகம் வந்தால் அவர் செய்வது, ஒப்பிக்க முடியாத இன்னொரு கேள்வியைக் கேட்பது. அதோடு ஒப்பித்தவர் நின்றுவிடுவார்.

மனப்பாடம் செய்யத்தக்கவை சில உண்டு. மறுபடி கேட்பதற்கு ஒரு வாக்கியம். “யோசித்ததில்லை, ஆனால்...” என்று தொடங்க ஒரு வாக்கியம். உதாரணத்திலிருந்து பொதுக் கருத்துக்கு ஏற ஒரு வாக்கியம். மறுபக்கத்துக்குத் திரும்ப ஒரு வாக்கியம். இவற்றுக்கு ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று வடிவம் வாயில் இருந்தால் போதும். எந்தத் தலைப்புக்கும் பொருந்துபவை இவை, பேச்சின் உள்ளடக்கத்தைத் தொடுபவை அல்ல.

வீட்டில் பழகும் முறை

பழகத் தேவை ஒரு ஃபோனும் கேள்வி கேட்க ஓர் ஆளும். ஆங்கிலம் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை, தமிழில் கேட்டு நீங்கள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாலும் நடக்கும்.

க்யூ கார்டுக்கு நியூசிலாந்தின் மொழியியல் அறிஞர் பால் நேஷன் பரப்பிய ஒரு பயிற்சி உதவும். அதற்கு 4/3/2 என்று பெயர். ஒரே விஷயத்தை ஒருவரிடம் நான்கு நிமிடம் சொல்ல வேண்டும். பிறகு வேறொருவரிடம் மூன்று நிமிடத்தில். பிறகு இன்னொருவரிடம் இரண்டு நிமிடத்தில். ஆள் மாறுவதால் சொன்னதையே சொல்கிறோம் என்ற சலிப்பு வராது. நேரம் குறைவதால் தேவையில்லாத நிறுத்தங்கள் உதிர்ந்து, அதே செய்தி வேகமாக வரும். தொடக்கத்தில் நான்கு நிமிடம் பேச முடியாதவர்கள் மூன்றிலிருந்து தொடங்கலாம். கடைசிச் சுற்றைப் பதிவுசெய்து கேளுங்கள். கேட்கும்போது எல்லாப் பிழையையும் ஒரே தடவையில் தேடாமல், ஒரு தடவை காலப் பிழையை மட்டும், மறு தடவை சொல் தேடி நின்ற இடங்களை மட்டும் குறியுங்கள். நின்ற ஒவ்வொரு இடத்துக்கும் அந்தச் சொல்லைச் சுற்றிச் சொல்லும் ஒரு வழியை எழுதிவைத்து, மறுநாள் அதே கார்டைப் பேசுங்கள்.

தெரியாத கேள்விக்குத் தனிப் பயிற்சி வேண்டும். அன்றைய செய்தித்தாளில் உங்களுக்கு ஆர்வமே இல்லாத பக்கத்தை வீட்டில் ஒருவரிடம் கொடுத்து, அதிலிருந்து கேள்வி கேட்கச் சொல்லுங்கள். வணிகப் பக்கமாகவோ விளையாட்டுப் பக்கமாகவோ இருக்கலாம். விதி இரண்டுதான். “தெரியாது” என்று முடிக்கக் கூடாது, நாற்பது நொடிக்கு முன் நிறுத்தக் கூடாது. பங்குச்சந்தை பற்றிக் கேட்டால் அதற்குள் அடங்கும் ஒரு ஆளைத் தேடுங்கள். சீட்டுப் போட்டுப் பணம் சேர்க்கும் சித்தி கிடைப்பார். அங்கிருந்து மக்கள் ஏன் தெரிந்த இடத்திலேயே பணம் போடுகிறார்கள் என்ற பொதுப் பேச்சுக்கு ஏறலாம். பழகப் பழக அந்த ஆள் கிடைக்கும் நேரம் குறைந்துகொண்டே வரும். முதலில் பதினைந்து நொடி விழிப்பவர் பிறகு முதல் வாக்கியம் முடிவதற்குள் தேடி எடுத்துவிடுவார். தேர்வுக்குத் தயாராகிவிட்டீர்களா என்று தெரிந்துகொள்ள நான் நம்பும் அளவு இதுதான்.

இதற்கு ஒரு எல்லையும் உண்டு. இந்தப் பழக்கம் இல்லாத ஆங்கிலத்தை உருவாக்கித் தராது. அடிப்படை வாக்கியங்களே தடுமாறும் ஒருவரை இரண்டு வாரத்தில் 5-லிருந்து 7-க்குத் தூக்கிவிட எந்த உத்தியாலும் முடியாது, அதற்கு மாதக்கணக்கில் மொழி வேலை செய்ய வேண்டும். ஆனால் 7 வாங்கும் அளவுக்கு மொழி இருந்தும், ஒரு தலைப்பைப் பார்த்து வாயடைத்து 6-க்கு இறங்குகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் இழப்பது தங்களிடம் ஏற்கெனவே இருப்பதை. அந்த இழப்பைத் தடுக்க இந்தப் பழக்கம் போதும்.

தேர்வு முடிந்த பின் மதிப்பெண் சரியில்லை என்று உறுதியாகத் தோன்றினால், கட்டணம் கட்டி மறுமதிப்பீடு கேட்கலாம். உங்கள் ஒலிப்பதிவை வேறொரு மூத்த எக்ஸாமினர் கேட்டு மதிப்பிடுவார். அதற்கு விண்ணப்பிக்கும் முன் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: எந்தக் கேள்வியிலாவது பத்து நொடிக்கு மேல் மௌனமாக இருந்தேனா? இல்லை என்றால் துணிந்து கேளுங்கள். ஆம் என்றால் அந்தப் பணத்தை அடுத்த தேர்வுக்கு வைத்துக்கொண்டு, அந்தக் கேள்வியிலிருந்தே பயிற்சியைத் தொடங்குங்கள்.